பெனடிக்ட்டில் முதலில் லேசான பச்சை, அமிலத்தோடு கொதிக்க வைத்த பிறகு நீலம்: இது எப்படி சுக்ரோஸ்?

நிவேதா_உயிர்வேதி

வணக்கம். அடுத்த வாரம் கார்போஹைட்ரேட் செய்முறைத் தேர்வு. பயிற்சிக்காக லேபிள் இல்லாத பாட்டில் ஒன்று கொடுத்தாங்க. நிறமில்லாத கரைசல், சர்க்கரை 1 சதவீதம்னு மட்டும் சொன்னாங்க. நான் செய்ததையும் பார்த்ததையும் அப்படியே எழுதறேன்.

மோலிஷ் சோதனையில் ஊதா வளையம் வந்தது. அயோடின் போட்டா மாற்றமே இல்லை, அதனால ஸ்டார்ச் இல்லைன்னு விட்டுட்டேன். பெனடிக்ட் சோதனைக்குக் கரைசல் 2 மில்லி, பெனடிக்ட் 2 மில்லி எடுத்து, கொதிக்கிற வாட்டர் பாத்தில் 10 நிமிடம் வைத்தேன். லேசான பச்சை வந்தது. செலிவனாஃப் சோதனையில் நல்ல செர்ரிச் சிவப்பு.

அடுத்து, கரைசல் 2 மில்லியோடு நீர்த்த HCl 1 மில்லி சேர்த்து 5 நிமிடம் கொதிக்க வைத்து, அதில் 2 மில்லி பெனடிக்ட் ஊற்றித் திரும்பவும் 5 நிமிடம் வைத்தேன். நீலமாகவே நின்றது.

முதல்ல பச்சை வந்ததால ஒடுக்கும் சர்க்கரைன்னு எடுத்துக்கிட்டேன். செலிவனாஃப்பும் வந்ததால ஃபிரக்டோஸ்னு எழுதினேன். ஆனா பாட்டில்ல இருந்தது சுக்ரோஸாம். புத்தகப்படி சுக்ரோஸ்னா முதல்ல நீலம், அமிலத்துக்கு அப்புறம் சிவப்புதானே வரணும்? எனக்கு ரெண்டுமே தலைகீழா வந்திருக்கு. எங்கே தப்பு?

கார்த்தி_பிஎஸ்சி

காரணம் ரொம்ப எளிது. உங்க பெனடிக்ட் கெட்டுப்போயிருக்கும். தனி ஆல்டிஹைடு தொகுதி இருந்தாதான் சர்க்கரை ஒடுக்கும். சுக்ரோஸ்ல அது இல்லை. ஃபிரக்டோஸ்ல இருக்கிறது கீட்டோன், அதனால அதுவும் ஒடுக்காது. ஆக சுக்ரோஸோ ஃபிரக்டோஸோ, எதுவா இருந்தாலும் பச்சை வரவே கூடாது. பெனடிக்ட்டை மட்டும் தனியா ஒரு குழாயில் கொதிக்க வைத்துப் பாருங்க. அப்பவும் பச்சை வந்தா பெனடிக்ட்தான் காரணம்.

ராஜகுமார்_கே

1 சதவீதம்ங்கிறது சரியான்னு பார்க்க ஃபெலிங் தரம்பார்த்தல்தான் சரி. சர்க்கரைக் கரைசலைப் பியூரெட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். கூம்புக் குடுவையில் ஃபெலிங் A, B இரண்டையும் 5 மில்லி, 5 மில்லியாகக் கலந்து கொதிக்க விடுங்கள். கொதி நிற்காமலே சர்க்கரையை விட்டுக்கொண்டு போய், முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் மெத்திலீன் நீலம் சில சொட்டு சேருங்கள். நீலம் மறைந்து சிவப்பு மட்டும் நின்றால் அதுதான் முடிவுநிலை. சுக்ரோஸ் என்றால் முதலில் அமிலத்தால் பிரித்துவிட்டுத்தான் பியூரெட்டில் எடுக்க வேண்டும்.

செல்வி_செய்முறை

ராஜகுமார் சார், நீங்கள் சொன்ன முறை சரிதான். ஆனால் நிவேதா எவ்வளவு இருக்கிறது என்று கேட்கவில்லை, எது இருக்கிறது என்றுதான் கேட்கிறார். பண்பறி சோதனையில் வந்த முரண்பாடு இது.

கார்த்தி, உங்கள் பதிலில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். பெனடிக்ட்டைத் தனியே கொதிக்க வைத்துப் பார்ப்பது எப்போதுமே முதல் வேலையாக இருக்க வேண்டும். ஆனால் ஃபிரக்டோஸ் ஒடுக்காது என்பது தவறு. இதே வரியைத் தேர்வில் எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் நிறைய. ஃபிரக்டோஸ் பெனடிக்ட்டில் செங்கல் சிவப்பே கொடுக்கும். ஏன் என்பதைப் பிறகு எழுதுகிறேன். முதலில் நிவேதாவின் குழாயைப் பார்ப்போம்.

குழாய்தாங்கி

நிவேதா, இரண்டு முடிவுகளுக்கும் காரணம் வெவ்வேறு. அமிலம் சேர்த்த குழாயை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதில் காரணம் தெளிவாகத் தெரிகிறது.

அமிலத்தோடு கொதிக்க வைத்த பிறகு நடுநிலையாக்கினீர்களா? நீங்கள் எழுதிய வரிசையில் அந்தப் படியே இல்லை.

பெனடிக்ட் வேலை செய்வது காரத்தில். அந்தக் காரத்தன்மையை அதிலிருக்கும் சோடியம் கார்பனேட் தருகிறது. வழக்கமான தயாரிப்பில் ஒரு லிட்டருக்குக் காப்பர் சல்பேட் 17.3 கிராம், சோடியம் சிட்ரேட் 173 கிராம், நீரற்ற சோடியம் கார்பனேட் 100 கிராம். அப்படியானால் நீங்கள் ஊற்றிய 2 மில்லியில் கார்பனேட் ஏறத்தாழ 1.9 மில்லிமோல்.

இனி உங்கள் அமிலம். மேசையில் இருக்கும் நீர்த்த HCl பெரும்பாலும் 2 மோலார். 1 மில்லியில் 2 மில்லிமோல். சுக்ரோஸைப் பிரிப்பதில் அமிலம் செலவாவதில்லை, அது வினையூக்கிதான். அதனால் 5 நிமிடம் கொதித்த பிறகும் அந்த 2 மில்லிமோலும் குழாயிலேயே இருக்கிறது. அதன்மேல் பெனடிக்ட்டை ஊற்றியதும் கார்பனேட் முழுவதும் பைகார்பனேட்டாக மாறிவிடுகிறது. பெனடிக்ட்டுக்கு வேண்டிய காரம் போய்விட்டது. குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் உள்ளே தாராளமாக இருந்தும் காப்பரைத் தொடவில்லை.

ஆக அந்த நீலத்தை வைத்து ஒடுக்கும் சர்க்கரை இல்லை என்று சொல்ல முடியாது. அங்கே சோதனையே நடக்கவில்லை.

இதைக் கண்ணாலேயே பிடிக்கலாம். பெனடிக்ட்டை ஊற்றும்போது குமிழி எழும்பினால் அமிலம் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று பொருள். அங்கேயே நிறுத்திவிட்டு கார்பனேட் சேர்க்க வேண்டும். அப்படியே வாட்டர் பாத்தில் வைத்தால் வீண்.

நிவேதா_உயிர்வேதி

ஆமா, நடுநிலையாக்கவே இல்லை. பெனடிக்ட் ஊற்றினப்ப லேசா நுரைச்சது, அது வழக்கமா வர்றதுன்னு விட்டுட்டேன். எங்க கையேட்டுல "செறிந்த HCl 2 சொட்டு சேர்த்துக் கொதிக்க வை, பிறகு பெனடிக்ட் செய்" என்று மட்டும்தான் இருக்கு. அதுல நடுநிலையாக்கச் சொல்லவே இல்லையே?

குழாய்தாங்கி

அந்தக் கையேட்டு அளவில் நடுநிலையாக்காமலும் முடிவு வந்துவிடும். அளவை மாற்றியதால்தான் உங்களுக்கு வரவில்லை.

கணக்குப் பாருங்கள். 5 மில்லி கரைசலில் செறிந்த அமிலம் 2 சொட்டு, அதாவது ஏறத்தாழ 0.1 மில்லி. அது 12 மோலார் என்று வைத்தால் மொத்தம் 1.2 மில்லிமோல். அந்த முறையில் பெனடிக்ட் 5 மில்லி எடுத்து, கொதித்த கரைசலில் 8 சொட்டு மட்டும் விடுவார்கள். 8 சொட்டோடு போகும் அமிலம் 0.1 மில்லிமோல் அளவுதான். எதிரே கார்பனேட் 4.7 மில்லிமோல் காத்திருக்கிறது. அமிலம் இருந்த இடமே தெரியாது.

நீங்கள் சொட்டுக் கணக்கை விட்டுவிட்டு சம அளவு ஊற்றினீர்கள். அமிலமும் கார்பனேட்டும் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று என்று மோதிக்கொண்டன. பெனடிக்ட் எப்போதும் அதிகமாகவும் சர்க்கரை குறைவாகவும் இருக்க வேண்டும். 5 மில்லிக்கு 8 சொட்டு என்ற அளவை எந்தக் காரணத்துக்காகவும் மாற்றாதீர்கள்.

இருந்தாலும் நடுநிலையாக்கிவிடுவதே நல்லது. தேர்வில் அந்தப் படிக்குத் தனி மதிப்பெண் வைப்பவர்கள் உண்டு. ஃபெலிங் செய்தாலும் அதே பழக்கம் கைகொடுக்கும்.

கொதித்த குழாயைக் குழாய்த் தண்ணீரில் காட்டி நன்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு கார்பனேட் போட்டால் பொங்கி வெளியே வரும். திட சோடியம் கார்பனேட்டை ஸ்பாட்டுலா நுனியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, நுரை அடங்கியதும் அடுத்த நுனி. உங்கள் 2 மில்லிமோல் அமிலத்துக்கு 0.1 கிராம் அளவே போதும். நுரை நின்றதும் கண்ணாடிக் குச்சியால் ஒரு துளி எடுத்து லிட்மஸ் தாளில் வையுங்கள். சிவப்பு லிட்மஸ் நீலமாக மாறினால் பெனடிக்ட்டுக்குப் போகலாம். கார்பனேட் கொஞ்சம் கூடினால் பரவாயில்லை, பெனடிக்ட்டிலும் அதுதான் இருக்கிறது.

அப்சல்_எம்

இதே மாதிரி எனக்கும் ஒன்று. அமிலத்தோடு 20 நிமிடம் கொதிக்க வைத்துட்டேன், நல்லா பிரியட்டும்னு. கரைசலே மஞ்சளாயிடுச்சு. நடுநிலையாக்கி பெனடிக்ட் போட்டேன், உடனே பச்சை. கொதிக்க வைக்கும் முன்னாடியே பச்சை! அதை நேர்மறைன்னு எழுதினேன், தப்புன்னு சொல்லிட்டாங்க.

குழாய்தாங்கி

அது சாயம் கலந்த பச்சை. மஞ்சள் கரைசலோடு நீலம் சேர்ந்தால் பச்சையாகத்தானே தெரியும். சூடான அமிலத்தில் சர்க்கரைகள், அதிலும் முக்கியமாக ஃபிரக்டோஸ், சிதைந்து மஞ்சள் பழுப்பாகும். 1 சதவீத சுக்ரோஸ் கொதிநிலையில் இந்த அளவு அமிலத்தோடு மிக வேகமாகப் பிரிந்துவிடும். 5 நிமிடமே தேவைக்கு அதிகம். 20 நிமிடத்தில் கிடைத்ததையும் கெடுத்துக்கொள்கிறோம்.

உண்மையான பெனடிக்ட் பச்சைக்கும் இந்தப் பச்சைக்கும் வேறுபாடு கலங்கலில் இருக்கிறது. உண்மையான பச்சை என்பது மஞ்சள் நிற Cu₂O துகள்கள் நீலக் கரைசலில் மிதப்பதால் வருவது. குழாய்க்குப் பின்னால் அச்சடித்த தாளைப் பிடியுங்கள். எழுத்து தெளிவாகப் படிக்க வந்தால் அங்கே வீழ்படிவு இல்லை. எழுத்து மங்கினால் குழாயைத் தாங்கியில் 10 நிமிடம் அசைக்காமல் வையுங்கள். அடியில் மெல்லிய மஞ்சளோ சிவப்போ படிந்து, மேலே நீலம் தெளியும். அதைப் பார்த்த பிறகுதான் நேர்மறை என்று எழுத வேண்டும்.

நிவேதா, உங்கள் முதல் குழாயின் பச்சை எப்படி இருந்தது? கலங்கலா, தெளிவா?

நிவேதா_உயிர்வேதி

கலங்கல்தான். அடியில் ஏதாவது படிந்ததான்னு பார்க்கலை, ஊத்திட்டேன்.

கார்த்தி_பிஎஸ்சி

அப்படின்னா 10 நிமிடம் கொதிச்சதுல சுக்ரோஸே உடைஞ்சிருக்கும். சூடுதானே, தண்ணீரும் இருக்கு, நீராற்பகுப்பு நடந்திருக்கும்.

குழாய்தாங்கி

அதை நான் ஏற்கவில்லை. சுக்ரோஸில் குளுக்கோஸையும் ஃபிரக்டோஸையும் இணைக்கிற பிணைப்பு அசிட்டால் வகை. அமிலத்தில் எளிதாக உடையும், காரத்தில் நிலையாக நிற்கும். பெனடிக்ட் காரம். அதில் 10 நிமிடம் வைத்தால் சுக்ரோஸ் கண்ணுக்குத் தெரியும் அளவு உடையக் காரணம் இல்லை.

எனக்குத் தோன்றுவது பாட்டிலிலேயே ஒடுக்கும் சர்க்கரை கொஞ்சம் இருந்தது என்பதுதான். கரைத்து வைத்து நாளான சுக்ரோஸ் கரைசலில் நுண்ணுயிர்கள் வளரும், அவற்றின் இன்வர்டேஸ் நொதி சுக்ரோஸைப் பிரிக்கும். 1 சதவீத சுக்ரோஸில் இருபதில் ஒரு பங்கு பிரிந்தால்கூட 0.05 சதவீதம் ஒடுக்கும் சர்க்கரை சேர்ந்துவிடும். நீங்கள் 8 சொட்டுக்குப் பதிலாக 2 மில்லி ஊற்றினீர்கள், நேரத்தையும் இரட்டித்தீர்கள். அவ்வளவு தாராளமாகச் செய்தால் அந்தச் சிறு கலப்பும் பச்சை காட்டும்.

இன்னொரு வாய்ப்பு பிப்பெட். முன்னால் யாராவது குளுக்கோஸ் எடுத்த பிப்பெட்டை அலசாமல் சுக்ரோஸ் பாட்டிலில் விட்டால் போதும், அன்றைக்கு எல்லோருக்கும் பச்சைதான்.

பிரித்தறிய மூன்று குழாய் வையுங்கள், ஒவ்வொன்றிலும் பெனடிக்ட் 5 மில்லி. ஒன்றில் காய்ச்சி வடித்த நீர் 8 சொட்டு, ஒன்றில் அந்தப் பாட்டில் கரைசல் 8 சொட்டு, ஒன்றில் படிக சுக்ரோஸை அப்போதே கரைத்தது 8 சொட்டு. மூன்றையும் ஒரே நேரத்தில் இறக்கி, 3 நிமிடத்தில் ஒரே நேரத்தில் எடுங்கள்.

செல்வி_செய்முறை

அடுத்து ஃபிரக்டோஸ். கார்த்திக்கும், இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும்.

சர்க்கரை ஒடுக்குமா என்று பார்க்க ஆல்டிஹைடைத் தேடாதீர்கள். வளையத்தில் ஒரு ஹெமிஅசிட்டால் திறந்து மூட வழி இருக்கிறதா என்று தேடுங்கள். குளுக்கோஸிலேயே திறந்த சங்கிலியாக இருப்பது 0.1 சதவீதத்துக்கும் குறைவு. மற்றதெல்லாம் வளையம். ஆனால் வளையம் திறந்துகொண்டே இருப்பதால், திறந்தது வினைப்பட வினைப்பட அடுத்தது திறக்கிறது.

குளுக்கோஸில் திறக்கும் இடம் C1, ஃபிரக்டோஸில் C2. திறந்தால் கீட்டோன்தான் கிடைக்கும், உண்மை. ஆனால் அது சாதாரண கீட்டோன் இல்லை. பக்கத்துக் கார்பனில் OH இருக்கிறது. காரத்தில் அந்த இரண்டு கார்பனுக்கும் இடையே ஈன்டையால் உருவாகிறது. அது காப்பர் அயனிக்கு எலக்ட்ரானைச் சுலபமாகக் கொடுத்துவிடும். அதே ஈன்டையால் வழியாக ஃபிரக்டோஸின் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் மேனோஸாகவும் மாறும். அசிட்டோன் பெனடிக்ட்டை ஒடுக்காது, ஃபிரக்டோஸ் ஒடுக்கும் என்பதற்கு இதுதான் காரணம்.

இதை உறுதிப்படுத்தப் புரோமின் நீர் போதும். அங்கே காரம் இல்லை. குளுக்கோஸ் புரோமின் நிறத்தைப் போக்கிக் குளுக்கானிக் அமிலமாகிறது, ஃபிரக்டோஸ் அப்படியே விட்டுவிடுகிறது.

சுக்ரோஸுக்கு வாருங்கள். குளுக்கோஸின் C1, ஃபிரக்டோஸின் C2, திறக்க வேண்டிய இந்த இரண்டு கார்பன்களும் ஒன்றோடொன்று பிணைந்துவிட்டன. திறக்க வாசலே இல்லை. மால்டோஸில் முதல் குளுக்கோஸின் C1 மட்டும்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது, அடுத்ததன் C4 இல் போய்ச் சேர்கிறது. இரண்டாவது குளுக்கோஸின் C1 சுதந்திரமாக இருக்கிறது. அதனால் மால்டோஸ் ஒடுக்கும். லாக்டோஸும் அப்படியே. ட்ரீஹலோஸில் இரண்டு குளுக்கோஸின் C1களும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன, அதனால் ஒடுக்காது. இரட்டைச் சர்க்கரையை வரைந்து காட்டி "ஒடுக்குமா?" என்று கேட்டால், பிணைப்பின் இரு முனை எண்களை மட்டும் பாருங்கள், போதும்.

கார்த்தி_பிஎஸ்சி

புரிஞ்சது மேடம். கீட்டோன்னு பார்த்ததும் முடிவு கட்டிட்டேன். ஒரு சந்தேகம். ஸ்டார்ச் மூலக்கூறின் ஒரு கடைசியில் C1 சுதந்திரமா இருக்குமே? அப்ப ஏன் ஒடுக்காததுன்னு சொல்றாங்க?

செல்வி_செய்முறை

இருக்கிறது. ஆனால் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் அலகுகளுக்கு ஒரே ஒரு முனை. 8 சொட்டில் அந்த முனைகள் தரும் காப்பர் ஒடுக்கம் கண்ணுக்குத் தெரியாது. தேர்வில் ஒடுக்காதது என்றே எழுதுங்கள்.

அப்சல்_எம்

நிவேதா செலிவனாஃப் சிவப்பைப் பார்த்து ஃபிரக்டோஸ்னு எழுதினாங்க. அது சரிதானே? சுக்ரோஸுக்கு வரக் கூடாதே, அதுல கீட்டோன் பூட்டிக்கிட்டு இருக்கு.

குழாய்தாங்கி

இல்லை அப்சல், சுக்ரோஸுக்கும் வரும். செலிவனாஃப் கரைசலே ரிசார்சினாலை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்ததுதான். கொதிக்கும்போது அந்த அமிலமே சுக்ரோஸைப் பிரித்து ஃபிரக்டோஸை விடுவிக்கிறது. அதனால் செர்ரிச் சிவப்பு வந்தால், தனி ஃபிரக்டோஸோ சுக்ரோஸோ, எங்கோ கீட்டோஸ் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். இரண்டில் எது என்று முடிவு சொல்வது பெனடிக்ட். நிவேதாவின் பெனடிக்ட் தவறான பதில் சொன்னதால்தான் செலிவனாஃப்பும் சேர்ந்து அவரை ஃபிரக்டோஸுக்குக் கொண்டுபோய்விட்டது.

நேரத்தையும் பாருங்கள். கீட்டோஸ் கொதித்த ஒரு நிமிடத்துக்குள் சிவக்கும். ரொம்ப நேரம் விட்டால் குளுக்கோஸும் இளஞ்சிவப்பாகும், ஆல்டோஸ்களும் மெல்ல வினைப்படும். கடிகாரம் பார்க்காமல் செலிவனாஃப் செய்யக் கூடாது.

அப்சல்_எம்

நேரம்னதும் நினைவுக்கு வருது. பார்ஃபோட் செய்தப்ப மால்டோஸுக்கு எனக்குச் சிவப்பு வந்தது. ஒற்றைச் சர்க்கரைன்னு முடிவு பண்ணி குளுக்கோஸ்னு எழுதினேன். அதுவும் கடிகாரம்தானா?

குழாய்தாங்கி

அதுவும் கடிகாரம்தான். பார்ஃபோட்டில் காப்பர் அசிட்டேட் மெல்லிய அசிட்டிக் அமிலத்தில் இருக்கிறது. அமிலச் சூழலில் ஒடுக்கம் மந்தமாக நடக்கும். அங்கே குளுக்கோஸ் போன்ற ஒற்றைச் சர்க்கரைகள் 2, 3 நிமிடத்தில் காட்டிவிடும். மால்டோஸும் லாக்டோஸும் பின்தங்கும். 7 நிமிடம் தாண்டினால் அவையும் அமிலத்தில் பிரிந்து சிவப்புத் தரும். 3 நிமிடத்தில் குழாயை வெளியே எடுத்துவிட வேண்டும்.

கரைசலின் நிறத்தைப் பார்க்காதீர்கள், அது நீலமாகவே இருக்கும். குழாயின் அடிவளைவில் மெல்லிய செம்பொடி படிகிறதா என்று கீழிருந்து வெளிச்சத்தில் பாருங்கள்.

நிவேதா_உயிர்வேதி

இன்னிக்கு செய்து பார்த்தேன். 3 நிமிடம், 5 மில்லிக்கு 8 சொட்டு. வெறும் நீர் நீலம். புதுசா கரைச்ச சுக்ரோஸ் நீலம். பழைய பாட்டிலும் ஏறக்குறைய நீலம்தான், ஆனா 10 நிமிடம் தாங்கியில் வச்சப்ப அடியில் ஒரு மஞ்சள் கோடு மாதிரி தெரிஞ்சது. மத்த ரெண்டுலயும் அது இல்லை.

அப்புறம் அமிலக் குழாய். புதுக் கரைசல் 2 மில்லி, HCl 1 மில்லி, 5 நிமிடம், ஆறவச்சு கார்பனேட், லிட்மஸ் நீலம். அதுல 8 சொட்டு எடுத்து பெனடிக்ட் 5 மில்லியில் விட்டேன். இந்தத் தடவை நுரையே இல்லை. 2 நிமிடத்துக்குள் பச்சை, மஞ்சள்னு மாறி ஆரஞ்சு கலந்த வீழ்படிவு. அடர்ந்த செங்கல் சிவப்பு வரலை. அது பரவாயில்லையா?

குழாய்தாங்கி

பரவாயில்லை, அதுதான் வர வேண்டியது. 1 சதவீத சுக்ரோஸ் முழுதும் பிரிந்தால் 1.05 சதவீதம் ஒடுக்கும் சர்க்கரை, பிரியும்போது ஒரு நீர் மூலக்கூறு சேர்வதால் எடை சற்று கூடும். நீங்கள் 1 மில்லி அமிலம் சேர்த்து 2 மில்லியை 3 மில்லியாக்கியதால் அது 0.7 சதவீதம். 8 சொட்டு அளவில் மஞ்சள், ஆரஞ்சு வரைதான் எதிர்பார்க்கலாம். செங்கல் சிவப்பு 2 சதவீதத்தை ஒட்டி வரும். நிறம் சிவப்பாகவில்லை என்று பயந்து அடித்துத் திருத்தாதீர்கள்.

செல்வி_செய்முறை

ஒரு சின்ன மாறுபாடு. புதுச் சுக்ரோஸை 15 நிமிடம் வரை வைத்தால் மிக லேசான பச்சை வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், படிகத்தை அப்போதே கரைத்துச் செய்தபோதும். காரத்தில் அந்தப் பிணைப்பு நிற்கும் என்ற காரணத்தை மறுக்கவில்லை. ஆனாலும் வருகிறது.

குழாய்தாங்கி

படிகத்திலேயே சிறிது ஒடுக்கும் சர்க்கரை ஒட்டியிருக்கலாம், சர்க்கரைப் படிகம் அப்படி வருவது வழக்கம்தான். அதே படிகத்தைத் திரும்பப் படிகமாக்கிச் செய்து பார்க்காமல் எது காரணம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. 15 நிமிடம் எந்தச் செய்முறையிலும் சொல்லப்படாத நேரம், அதனால் தேர்வுக்கு இது தடையாகாது.

நிவேதா_உயிர்வேதி

கடைசியா ஒண்ணு. தேர்வுல எனக்குப் பழைய பாட்டிலே வந்து, 3 நிமிடத்தில் அந்த மஞ்சள் கோடு தெரிஞ்சா என்ன எழுதணும்? ஒடுக்கும் சர்க்கரை உண்டுன்னா, இல்லைன்னா?

ராஜகுமார்_கே

பார்த்ததைத்தான் எழுத வேண்டும். வீழ்படிவு வந்தால் நேர்மறை.

செல்வி_செய்முறை

பார்த்ததை எழுத வேண்டும், சரி. ஆனால் 1 சதவீத ஒடுக்கும் சர்க்கரை இவ்வளவு குறைவாகக் காட்டாது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். காண்பன பத்தியில் "கரைசல் நீலம், அடியில் மிகச் சிறிதளவு மஞ்சள் வீழ்படிவு" என்று எழுதுங்கள். அமிலத்துக்குப் பிறகு வந்ததையும் அதே அளவில் செய்து பக்கத்தில் வையுங்கள். முன்னால் ஒரு கோடு, பின்னால் ஆரஞ்சு என்ற பெரிய ஏற்றம்தான் சுக்ரோஸுக்குச் சான்று. தனி ஃபிரக்டோஸாக இருந்தால் முன்னாலும் பின்னாலும் ஏறக்குறைய ஒரே அளவு வந்திருக்கும். உய்த்துணர்வதில் "ஒடுக்காச் சர்க்கரை, சிறிதளவு நீராற்பகுப்பு நடந்திருக்கலாம்" என்று நான் ஏற்பேன்.

ராஜகுமார்_கே

எல்லாத் தேர்வாளரும் அப்படி ஏற்க மாட்டார்கள் மேடம். சிலர் "வீழ்படிவு உண்டா, இல்லையா" என்று மட்டும் பார்ப்பார்கள்.

செல்வி_செய்முறை

அது உண்மைதான். அதனால் தாங்கியிலிருந்து எந்தக் குழாயையும் ஊற்றிவிடாதீர்கள் நிவேதா. வெறும் நீர்க் குழாய், அமிலத்துக்கு முந்தையது, பிந்தையது, மூன்றையும் வரிசையாக நிறுத்தி வைத்து, தேர்வாளர் வரும்போது காட்டுங்கள்.